ஐந்து பெருக்கலா, ஏழு பெருக்கலா? ஒரு ஃபில்டரின் மூன்று வடிவங்கள்

தொலைக்காட்சி நாடகத்தில் இருவர் மெல்லப் பேசிக்கொண்டிருப்பார்கள். திடீரென்று சோப்பு விளம்பரம் வந்து வீட்டையே அதிர வைக்கும். இந்தத் தொல்லை ஒரு நாட்டுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. இதைத் தடுக்க வேண்டுமானால், ஒலி மனிதக் காதுக்கு எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதை அளக்க ஓர் அளவுகோல் வேண்டும். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006-இல் ‘பிஎஸ் 1770’ என்ற பரிந்துரையில் அந்த அளவுகோலை வகுத்துக் கொடுத்தது. ஐரோப்பிய ஒலிபரப்பாளர்களின் ‘ஆர் 128’ 2010-இல் அதன்மேல் எழுந்தது. விளம்பரச் சத்தத்தைக் கட்டுப்படுத்தும் அமெரிக்கச் சட்டம் 2010-இல் நிறைவேறி, 2012 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன் விதிகளும் இந்த அளவுகோலையே நம்பியிருக்கின்றன.

அளவுகோலின் நுழைவாயிலில் இரண்டு சிறிய டிஜிட்டல் ஃபில்டர்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. மனிதத் தலை ஒலியை எப்படி மாற்றிக் காதில் சேர்க்கிறது என்பதை முதல் ஃபில்டர் தோராயமாகப் பின்பற்றுகிறது. தாழ்ந்த ஒலிகளை அது அப்படியே விட்டுவிடும்; உயர்ந்த ஒலிகளை 4 டெசிபல் தூக்கும். இரண்டாவது ஃபில்டர் அடிமட்ட அதிர்வுகளைக் கழித்துவிடும். நொடிக்கு 48,000 சாம்பிள் எடுக்கப்படும் ஒலிக்கு, முதல் ஃபில்டர் முழுவதையும் ஐந்தே கெழுக்கள் விவரித்துவிடுகின்றன. பரிந்துரையில் அச்சாகியுள்ள எண்கள் இவை:

```
b0 =  1.53512485958697
b1 = -2.69169618940638
b2 =  1.19839281085285
a1 = -1.69065929318241
a2 =  0.73248077421585
```

பரிந்துரை எண்களைக் கொடுக்கிறது. அவற்றை எந்த வரிசையில் பெருக்கிக் கூட்டுவது, எந்த இடைவிடைகளை நினைவில் வைத்துக்கொள்வது என்பது மீட்டரைச் செய்பவரின் வேலை. கணக்கு காகிதத்தில் இருக்கும்வரை எந்த வரிசையும் ஒரே விடையைத்தான் தரும். சிப்புக்குள் போனதும் அது மாறிவிடுகிறது. பொறியியல் பாடநூல்கள் இந்த வடிவங்களை ஒப்பிடும்போது, எத்தனை பெருக்கிகள், எத்தனை நினைவிடங்கள் என்று எண்ணிக் காட்டும். அந்த எண்ணிக்கை எவ்வளவு தூரம் உண்மை சொல்கிறது என்பதை இந்த ஒரு ஃபில்டரை வைத்தே பார்த்துவிடலாம்.

ஐஐஆர் என்ற வகையைச் சேர்ந்த ஃபில்டர் இது. இப்போது வந்த சாம்பிளையும் சற்றுமுன் வந்த சாம்பிள்களையும் பார்ப்பதோடு, தான் சற்றுமுன் வெளியே அனுப்பிய விடைகளையும் அது திரும்பக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. `b` கெழுக்கள் உள்ளே வருவதைப் பெருக்குகின்றன. `a` கெழுக்கள் பழைய விடைகளைப் பெருக்குகின்றன. வரையறையை அப்படியே நிரலாக எழுதினால் கிடைப்பதுதான் டைரக்ட் ஃபார்ம் ஒன்று:

```
y = b0*x + b1*x1 + b2*x2 - a1*y1 - a2*y2
x2 = x1; x1 = x
y2 = y1; y1 = y
```

ஐந்து பெருக்கல், நான்கு கூட்டல். முந்தைய இரு உள்ளீடுகளுக்கும் முந்தைய இரு விடைகளுக்குமாக நான்கு நினைவிடங்கள். பொதுவாகச் சொன்னால், N படியுள்ள ஃபில்டருக்கு 2N+1 பெருக்கலும் 2N நினைவிடமும் தேவை.

இரண்டாம் படி ஃபில்டருக்கு அடிப்படையில் இரண்டு நினைவிடங்களே போதும் என்பது கணிதம். அப்படியிருக்க நான்கு எதற்கு? மேலே உள்ள கணக்கில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன: `b` கெழுக்களின் பகுதி ஒன்று, `a` கெழுக்களின் பகுதி மற்றொன்று. எதை முதலில் செய்தாலும் விடை மாறாது. பின்னூட்டப் பகுதியை முன்னால் கொண்டுவந்தால், இரண்டு பகுதிகளும் ஒரே இடைவிடையின் பழைய மதிப்புகளையே கேட்கின்றன. இரண்டு நினைவு வரிசைகள் ஒன்றாகிவிடும். இது டைரக்ட் ஃபார்ம் இரண்டு:

```
w = x - a1*w1 - a2*w2
y = b0*w + b1*w1 + b2*w2
w2 = w1; w1 = w
```

பெருக்கல் அதே ஐந்து. நினைவிடம் பாதியாகக் குறைந்து இரண்டு. எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் அட்டவணையில் இதுதான் வெற்றியாளர். தேர்வுத் தாளில் “நினைவிடத்தைக் குறைக்கும் அமைப்பை வரைக” என்று கேட்டால் மாணவர்கள் வரைவதும் இதைத்தான்.

ஆனால் `w` என்ற அந்த இடைவிடைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். மிக மெதுவாக மாறும் ஒலியை எடுத்துக்கொள்வோம்; உள்ளீடு நெடுநேரம் 1 என்ற மதிப்பிலேயே நிற்கிறது என்று வைத்துக்கொண்டால் போதும். நிலைபெற்ற பிறகு `w` என்பது 1-ஐ `1 + a1 + a2` ஆல் வகுத்த விடை. அந்தக் கூட்டுத்தொகை 0.04182 மட்டுமே. ஆகவே `w` 23.9 ஆக வளர்ந்து நிற்கும். அதன்பின் `b` பகுதி வருகிறது. `b0 + b1 + b2` என்பதும் சரியாக அதே 0.04182தான். 23.9-ஐ அது பெருக்க, விடை மீண்டும் 1. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஃபில்டர் தாழ்ந்த ஒலியைத் தொடாமல் விட்டதாகத் தெரியும். உள்ளே அது ஒலியை 24 மடங்கு ஊதிப் பெரிதாக்கி, பிறகு 24 மடங்கு சுருக்கியிருக்கிறது.

16 பிட் சிப்பில் இது நேரடியாகப் பிரச்சினையாகிறது. உள்ளீடு ஏற்கெனவே 16 பிட்டையும் நிரப்பியிருந்தால், 24 மடங்கு பெரிய எண்ணுக்கு மேலும் 5 பிட் வேண்டும். அந்த இடம் இல்லையென்றால் `w` எல்லையைத் தாண்டி வழிந்து, குறி மாறிய எண்ணாகத் திரும்பி வரும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. 100 ஹெர்ட்ஸ் சைன் அலையை முழு வீச்சில் கொடுத்துப் பார்க்க வேண்டும். ஃபில்டர் அதை ஏறக்குறைய அப்படியே வெளியே விட வேண்டும். அதற்குப் பதிலாக வெடிப்பும் கரகரப்பும் கேட்டால் `w` வழிகிறது. அதே வீச்சில் 10,000 ஹெர்ட்ஸ் அலையைக் கொடுத்தால் `w` வழிவதில்லை. இந்த வேறுபாடே நோயை அடையாளம் காட்டிவிடும்.

உள்ளீட்டை முதலிலேயே 32-ஆல் வகுத்து வழிதலைத் தடுக்கலாம். ஆனால் 16 பிட் ஒலி அப்போது 11 பிட் ஒலியாகிவிடும், 30 டெசிபல் நுணுக்கம் போய்விடும். இன்னொரு வழி, `w`-வை 21 பிட்டில் வைப்பது. 16 பிட் நினைவகத்தில் 21 பிட் எண் இரண்டு இடங்களைப் பிடித்துக்கொள்ளும். கணக்கை இப்போது பிட்டில் போட்டுப் பார்க்கலாம். டைரக்ட் ஃபார்ம் ஒன்றுக்கு 16 பிட்டில் நான்கு இடங்கள், மொத்தம் 64 பிட். டைரக்ட் ஃபார்ம் இரண்டுக்கு 32 பிட்டில் இரண்டு இடங்கள், அதுவும் 64 பிட். பாதியாகக் குறைந்ததாகத் தெரிந்த நினைவகம் உண்மையில் ஒரு பிட்கூடக் குறையவில்லை.

டைரக்ட் ஃபார்ம் ஒன்றில் இந்தத் தலைவலி ஏன் இல்லை? அது நினைவில் வைப்பது உள்ளே வந்த சாம்பிளையும் வெளியே போன விடையையும்தான். இரண்டும் ஏற்கெனவே அளவுக்குள் இருப்பவை. ஐந்து பெருக்கல்களும் ஒரே அகலமான திரட்டியில் சேர்கின்றன. நடுவில் கூட்டுத்தொகை எல்லை தாண்டினாலும், இறுதி விடை எல்லைக்குள் இருந்தால், இரண்டின் நிரப்பி முறையில் எழுதப்பட்ட எண்களில் அந்த வழிதல் தானாகவே நேராகிவிடும். விடையை 16 பிட்டாக முழுமையாக்குவதும் ஒரு சாம்பிளுக்கு ஒரே ஒருமுறை. ஆர்ம் நிறுவனம் தன் சிறு சிப்புகளுக்காக வெளியிடும் சிஎம்சிஸ் நூலகத்தில் 16 பிட் முழு எண்களுக்கான ஃபில்டர் நிரலின் பெயர் `arm_biquad_cascade_df1_q15`. பெயரில் உள்ள `df1` என்பது இந்த நான்கு இட வடிவம்தான்.

அடுத்து வருவது ட்ரான்ஸ்போஸ்ட் வடிவம். டைரக்ட் ஃபார்ம் இரண்டின் வரைபடத்தை எடுத்து எல்லா அம்புகளையும் திருப்பிப் போட வேண்டும். கூட்டும் முனை பிரியும் முனையாகும், பிரியும் முனை கூட்டும் முனையாகும், உள்ளீடும் வெளியீடும் இடம் மாறும். ஃபில்டரின் நடத்தை துளியும் மாறாது என்பது வரைபடக் கோட்பாடு தரும் உறுதி. நிரலாக எழுதினால் மூன்றே வரி:

```
y  = b0*x + s1
s1 = b1*x - a1*y + s2
s2 = b2*x - a2*y
```

பெருக்கல் ஐந்து, கூட்டல் நான்கு, நினைவிடம் இரண்டு. எண்ணிக்கையில் டைரக்ட் ஃபார்ம் இரண்டுக்கும் இதற்கும் எந்த வேறுபாடும் கிடையாது. உள்ளே பார்த்தால் மலைக்க வைக்கும் வேறுபாடு இருக்கிறது. உள்ளீடு 1-இலேயே நிற்கும் அதே சோதனையில் விடையும் 1. எனவே `s1` என்பது 1-இலிருந்து 1.535 போக −0.535, `s2` என்பது 1.198-இலிருந்து 0.732 போக 0.466. அங்கே 23.9 ஆக வீங்கிய நினைவிடம் இங்கே ஒன்றைக்கூட எட்டவில்லை. காரணம் எளிது: `b` பகுதியும் `a` பகுதியும் ஒரே வரியில் ஒன்றையொன்று கழித்துக்கொள்கின்றன. பெரிதாக்கிப் பிறகு சுருக்குவது என்ற இரண்டு கட்டங்கள் இங்கே இல்லை.

வீட்டுக் கணினியில் பைத்தான் இருந்தால் இதை வாசகரே சரிபார்க்கலாம்:

```python
from scipy.signal import lfilter_zi
b = [1.53512485958697, -2.69169618940638, 1.19839281085285]
a = [1.0, -1.69065929318241, 0.73248077421585]
print(lfilter_zi(b, a))
```

திரையில் வருவது −0.535, 0.466 என்ற அதே இரண்டு எண்கள். இது தற்செயல் அல்ல. அந்த நூலகத்தின் `lfilter` நிரல் உள்ளுக்குள் ட்ரான்ஸ்போஸ்ட் டைரக்ட் ஃபார்ம் இரண்டையே பயன்படுத்துகிறது.

ட்ரான்ஸ்போஸ்ட் வடிவத்துக்கும் ஒரு விலை உண்டு. `s1`, `s2` இரண்டும் பெருக்கல்களின் கூட்டுத்தொகைகள். ஒவ்வொரு சாம்பிளிலும் அவற்றை 16 பிட்டுக்கு வெட்டிச் சேமித்தால் முழுமையாக்கும் பிழை மூன்று இடங்களில் நுழையும். அதைத் தவிர்க்கத் திரட்டியின் அகலத்திலேயே, 32 பிட்டில் சேமிக்க வேண்டும். மறுபடியும் 64 பிட்! முழு எண் சிப்பில் மூன்று வடிவங்களும் ஒரே நினைவகச் செலவில் வந்து நிற்கின்றன. எந்த வடிவம் எவ்வளவு இரைச்சல் சேர்க்கும், எது எவ்வளவு இடம் கேட்கும் என்ற இந்த இரு கேள்விகளும் ஒன்றோடொன்று பின்னியவை என்பதை பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த எல்.பி. ஜாக்சன் 1970-இலேயே விரிவாக ஆராய்ந்து எழுதினார்.

ஃப்ளோட்டிங் பாயின்ட் எண்களில் வழிதல் பயம் இல்லை; அங்கே வேறு சிக்கல் வருகிறது. 32 பிட் ஃப்ளோட் ஓர் எண்ணின் முதல் 24 பிட்களை மட்டும் காப்பாற்றும். 24 மடங்கு பெரிய எண்களை ஒன்றிலிருந்து ஒன்று கழித்துச் சிறிய விடையைப் பெற்றால், கடைசி நாலைந்து பிட்கள் நம்பத்தகாதவையாகிவிடும். முதல் ஃபில்டரில் இது பொறுத்துக்கொள்ளத்தக்கது. அடிமட்ட அதிர்வுகளைக் கழிக்கும் இரண்டாவது ஃபில்டரில் நிலைமை மோசம். அதன் எண்கள்:

```
b0 = 1, b1 = -2, b2 = 1
a1 = -1.99004745483398
a2 =  0.99007225036621
```

`1 + a1 + a2` இங்கே 0.0000248. டைரக்ட் ஃபார்ம் இரண்டின் `w` 40,000 மடங்குக்கு மேல் வளரும். 24 பிட்டில் ஏறக்குறைய 15 பிட் கழித்தலிலேயே கரைந்துவிடும். அதே சோதனையில் ட்ரான்ஸ்போஸ்ட் வடிவத்தின் நினைவிடங்கள் −1, 1. ஃப்ளோட் எண்களுக்கான சிஎம்சிஸ் நிரல்களில் `arm_biquad_cascade_df2T_f32` இடம்பெற்றிருப்பதன் பொருள் இப்போது விளங்கும். `T` என்பது ட்ரான்ஸ்போஸ்ட்.

இரண்டாவது ஃபில்டர் இன்னொரு பாடத்தையும் வைத்திருக்கிறது. `a1` கிட்டத்தட்ட 2 என்பதால் 16 பிட்டில் அதை எழுதும்போது மிகச் சிறிய படி 1/16384. அந்தப் படிகளில் `a1` −32605 ஆகவும் `a2` 16221 ஆகவும் முழுமையாகின்றன. 1 என்பது 16384. மூன்றையும் கூட்டினால்:

```
16384 - 32605 + 16221 = 0
```

0.0000248 ஆக இருந்த கூட்டுத்தொகை சுத்தமாக மறைந்துவிட்டது. பகுதியில் பூஜ்யம் வந்துவிட்டதால் பின்னூட்டம் இனி எதையும் மறக்காது. `w`-வை 16 பிட்டில் வைத்திருக்கும் டைரக்ட் ஃபார்ம் இரண்டுக்குள் ஒரே ஒரு கடைசிப் பிட் அளவு நிலையான உள்ளீடு வந்தாலும், `w` ஒவ்வொரு சாம்பிளுக்கும் நூறு படி வீதம் ஏறி, நொடியின் நூறில் ஒரு பங்குக்குள் வழிந்துவிடும். டைரக்ட் ஃபார்ம் ஒன்றில் நிலையான உள்ளீடு முதலிலேயே கழிந்துபோகிறது. ஆனால் முழுமையாக்கும் பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்துகொண்டே போகும். மைக்கை அணைத்து அமைதியான உள்ளீட்டைக் கொடுத்த பிறகும் விடை பூஜ்யத்துக்குத் திரும்பாமல் எங்கோ நின்றாலோ நகர்ந்துகொண்டே இருந்தாலோ, கெழுக்களின் பிட் போதவில்லை என்று பொருள்.

இந்த இடத்தில்தான் லாட்டிஸ் வடிவத்தை அழைத்துவர வேண்டும். அதன் வேர் பேச்சு ஆராய்ச்சியில் இருக்கிறது. மனிதத் தொண்டையையும் வாயையும் வெவ்வேறு பருமனுள்ள குழாய்த் துண்டுகளாக எண்ணினால், ஒவ்வொரு இணைப்பிலும் ஒலியின் ஒரு பங்கு முன்னே செல்லும், ஒரு பங்கு எதிரொலித்துத் திரும்பும். பெல் ஆய்வகத்தின் கெல்லியும் லாக்பாமும் 1960-களின் தொடக்கத்தில் இப்படிக் கணினியைப் பேச வைத்தார்கள். ஜப்பானின் என்டிடி ஆய்வகத்தில் இட்டாகுராவும் சைட்டோவும் இதே வகை எண்களைப் பேச்சுக் குறியீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். 1973-இல் கிரேயும் மார்க்கலும் எந்த ஐஐஆர் ஃபில்டரையும் லாட்டிஸாக மாற்றும் முறையை வெளியிட்டார்கள்.

நம் முதல் ஃபில்டருக்கு அந்த மாற்றத்தைக் கையாலேயே செய்துவிடலாம். `k2` என்பது `a2`-தான்: 0.7325. `k1` என்பது `a1`-ஐ `1 + a2` ஆல் வகுத்தது: −1.6907-ஐ 1.7325 வகுக்க −0.9759. இவை எதிரொலிப்புக் கெழுக்கள். `b` பகுதிக்கு மூன்று எடைகள். `v2` என்பது `b2`-தான்: 1.1984. `v1` என்பது `b1 - v2*a1`: −0.6656. `v0` என்பது `b0 - v1*k1 - v2*k2`: 0.0078. நிரல் இப்படி அமையும்:

```
f1 = x  - k2*g1
f0 = f1 - k1*g0
y  = v2*(k2*f1 + g1)
g1 = k1*f0 + g0
g0 = f0
y  = y + v1*g1 + v0*g0
```

எண்ணிப் பார்த்தால் ஏழு பெருக்கல், ஆறு கூட்டல், இரண்டு நினைவிடம். N படிக்கு 3N+1 பெருக்கல், N நினைவிடம். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே `k` இரண்டு முறை பெருக்குவதால்தான் எண்ணிக்கை கூடுகிறது. கிரேயும் மார்க்கலும் அதற்கும் மாற்று காட்டினார்கள்: கூட்டல்களைச் சற்று மாற்றி அடுக்கினால் கட்டத்துக்கு ஒரே பெருக்கல் போதும். அப்போது பெருக்கல் ஐந்தாக இறங்கி டைரக்ட் ஃபார்மோடு சமமாகும். கூட்டல் எட்டாக ஏறும். கூட்டி மலிவாகவும் பெருக்கி விலை உயர்ந்ததாகவும் இருந்த காலத்துச் சிப்புகளுக்கு அது நல்ல பேரம்.

கூடுதல் பெருக்கலுக்கு ஈடாகக் கிடைப்பது ஓர் உறுதி. எல்லா `k`-களும் −1-க்கும் 1-க்கும் இடையில் இருந்தால் ஃபில்டர் நிலையானது. இவ்வளவுதான் விதி, அதை ஒரே பார்வையில் சோதிக்கலாம். சிக்கல் தந்த இரண்டாவது ஃபில்டரில் `k1` −0.9999875. 16 பிட்டில் முழுமையாக்கினால் அது −1-இல் போய் விழும். அதை ஒரு படி குறைத்து −32767/32768-இல் நிறுத்திவிட்டால் போதும், ஃபில்டர் ஒருபோதும் கட்டுமீறாது. டைரக்ட் ஃபார்மில் எந்தக் கெழுவை எவ்வளவு நகர்த்தினால் நிலைத்தன்மை திரும்பும் என்பது இவ்வளவு வெளிப்படையாகத் தெரியாது.

இந்த உறுதிக்கு மேல் லாட்டிஸிடம் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். அப்படி நிறுத்தப்பட்ட 16 பிட் லாட்டிஸில், 38 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டிய வெட்டு சுமார் 60 ஹெர்ட்ஸுக்கு ஓடிவிடுகிறது. கட்டுக்குள் இருக்கும், ஆனால் தவறாக அளக்கும். நினைவிட வீக்கமும் குணமாவதில்லை. மேலே உள்ள நிரலின் `g0`, டைரக்ட் ஃபார்ம் இரண்டின் `w`-வேதான். முதல் ஃபில்டரில் அதுவும் 23.9 வரை போகும். கட்டத்துக்கு நான்கு பெருக்கல் செய்யும் ‘நார்மலைஸ்டு’ லாட்டிஸ் அதை 3.6 ஆகக் குறைக்கும். அதற்கு விலை, இந்தச் சிறு ஃபில்டருக்கே மொத்தம் 11 பெருக்கல்.

இரண்டாவது ஃபில்டரில் இன்னொரு இழப்பும் உண்டு. அதன் `b` எண்கள் 1, −2, 1. ஒன்றால் பெருக்க வேண்டியதில்லை. இரண்டால் பெருக்குவது ஒரு பிட் நகர்த்தல். ஆகவே டைரக்ட் ஃபார்மிலும் ட்ரான்ஸ்போஸ்டிலும் உண்மையான பெருக்கல் இரண்டுதான். லாட்டிஸில் அந்த அழகான எண்கள் −0.00995, −0.0000247 என்று சிதறிவிடுகின்றன. `v2` மட்டும் 1 ஆக மிஞ்சும். பெருக்கல் ஆறு.

அப்படியானால் லாட்டிஸ் எங்கே தன் விலையைத் திருப்பித் தந்தது? டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் 1978-இல் ‘ஸ்பீக் அண்ட் ஸ்பெல்’ என்ற பேசும் பொம்மையை வெளியிட்டது. அதன் பேச்சுச் சிப்புக்குள் இருந்தது பத்துக் கட்ட லாட்டிஸ். பேச்சு மாற மாற ஃபில்டரின் கெழுக்களும் நொடிக்குப் பல தடவை மாற வேண்டும். ஒரு தொகுதிக்கும் அடுத்ததற்கும் இடையில் படிப்படியாக நகரவும் வேண்டும். இரண்டாம் படி ஃபில்டரில் `a` கெழுக்களை அப்படி நகர்த்தினாலும் ஆபத்தில்லை. பத்தாம் படியில் நிலையான இரண்டு தொகுதிகளுக்கு நடுவே நிலையற்ற தொகுதி ஒன்று ஒளிந்திருக்கலாம். `k` எண்களில் அந்தப் பயம் இல்லை: −1-க்கும் 1-க்கும் இடைப்பட்ட இரண்டு எண்களின் நடுவில் இருப்பதும் அதே எல்லைக்குள்தான். இந்த உறுதி இருந்ததால் எண்களைத் துணிந்து சுருக்கினார்கள். முதல் இரண்டு `k`-களுக்கு ஐந்து பிட், கடைசி மூன்றுக்கு மூன்று பிட், மற்றவற்றுக்கு நான்கு. பத்து கெழுக்களும் சேர்ந்து 39 பிட். சாம்பிளுக்குச் சுமார் இருபது பெருக்கல் தேவைப்பட்டாலும், அவற்றை ஒரே பெருக்கியின் வழியே வரிசையாக அனுப்பிச் சமாளித்தார்கள். சொற்களை அடைத்து வைக்கும் நினைவகத்தின் விலையோடு ஒப்பிட்டால் அந்தக் கூடுதல் பெருக்கல் சுமையே இல்லை.

ஒலியளவு மீட்டரின் நிலை வேறு. அதன் கெழுக்கள் மாறுவதேயில்லை, படியும் இரண்டுதான். ஐந்து சேனல்களை அளக்கும் 48,000 சாம்பிள் மீட்டரை 32 பிட் ஃப்ளோட் சிப்பில் ட்ரான்ஸ்போஸ்ட் வடிவத்தில் எழுதினால், இரண்டு ஃபில்டருக்கும் சேர்த்துச் சேனலுக்கு நான்கு நினைவிடமும் சாம்பிளுக்கு ஏழு பெருக்கலும் ஆகும்: மொத்தம் 20 நினைவிடம், நொடிக்கு 16,80,000 பெருக்கல். இரட்டைப் பெருக்கல் லாட்டிஸில் நினைவிடம் அதே 20, பெருக்கல் 31,20,000. முழு எண் சிப்பாக இருந்தால் டைரக்ட் ஃபார்ம் ஒன்றே சரி. முதல் ஃபில்டரின் விடையே இரண்டாவதன் உள்ளீடு என்பதால் நடுவில் உள்ள இரண்டு நினைவிடங்களை இருவரும் பகிர்ந்துகொள்வார்கள். சேனலுக்கு எட்டுக்குப் பதில் ஆறு போதும். இரண்டாவது ஃபில்டரின் கெழுக்களையும் பழைய விடைகளையும் மட்டும் 32 பிட்டில் வைக்க வேண்டும். லாட்டிஸுக்கு இந்த மீட்டரில் வேலை இல்லை.